மூன்று கவுண்டருக்கு ஒரே வரிசை போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கட்டணம் கட்டும் இடங்களில் மூன்று கவுண்டர் இருந்தும் எல்லோரையும் ஒரே வரிசையில் நிற்க வைக்கிறார்கள், கவுண்டருக்கு ஒரு வரிசை விட்டால் கூட்டம் சீக்கிரம் கலையுமே என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். வாசலைத் தாண்டி நிற்கும் ஒற்றை வரிசையைப் பார்த்தால் யாருக்குமே மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அவர் கேட்பது நடந்தால் அவரே கூடுதல் நேரம் நிற்க நேரலாம். கல்லூரியில் இதைப் பாடமாக நடத்தியவன் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன்.

ஒரு கணக்கிலிருந்து தொடங்குவோம். மூன்று கவுண்டர். ஒரு ஆளுக்குச் சராசரியாக 4 நிமிட வேலை. அப்படியானால் ஒரு கவுண்டர் மணிக்கு 15 பேரைக் கவனிக்கும், மூன்றும் சேர்ந்து 45 பேரை. வருகிறவர்கள் மணிக்கு 36 பேர். இடமே தேவைக்கு அதிகம் இருக்கிறதே, பிறகு ஏன் காத்திருக்க வேண்டும்? வருகை சீராக இல்லை, வேலையும் சீராக இல்லை என்பதால்தான். ஒருவர் சில்லறையைச் சரியாக எண்ணிக் கையில் வைத்திருந்து ஒரு நிமிடத்தில் கிளம்பிவிடுவார். அடுத்தவர் பக்கத்து வீட்டு அட்டையையும் சேர்த்து நான்கு அட்டை எடுத்து வந்திருப்பார், அதில் ஒன்றின் எண் அழிந்து போயிருக்கும். சில நேரம் பத்து நிமிடம் ஒருவரும் வர மாட்டார்கள், அப்புறம் ஒரு பஸ் வந்து நின்றதும் ஏழு பேர் மொத்தமாக நுழைவார்கள்.

வருகிறவர்கள் மூன்றாகப் பிரிந்து, கண்ணில் பட்ட வரிசையில் போய் நின்று, கடைசி வரை அதிலேயே இருந்தால், ஆளுக்குச் சராசரியாக 16 நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கும். அதே ஊழியர்கள், அதே வேகம், அதே கூட்டம். வரிசையை மட்டும் ஒன்றாக்கினால் அது சுமார் 4.3 நிமிடம். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்ற டென்மார்க் கணித அறிஞர், அழைப்புகள் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று கணக்கிட 1917-இல் வெளியிட்ட சூத்திரம்தான் இந்த இரண்டாவது எண்ணைத் தருகிறது.

இந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது? தனி வரிசையில் ஒரு கவுண்டர் காலியாகி ஊழியர் சும்மா உட்கார்ந்திருக்க, பக்கத்து வரிசையில் நாலு பேர் நிற்கும் நிலை அடிக்கடி வரும். ஒரே வரிசையில் அது வராது. ஒருவர் நின்றாலும் போதும், எந்தக் கவுண்டர் காலியானாலும் அவரைக் கூப்பிட்டுவிடும். ஒற்றை வரிசை புதிதாக வேகம் எதையும் உண்டாக்குவதில்லை, சும்மா இருக்கும் நேரத்தை மட்டும் மிச்சம் பிடிக்கிறது. அதனால்தான் காலை பத்து மணிக்குக் கதவு திறக்கும்போதே முப்பது பேர் நின்றால் ஒன்றாக நிறுத்தினாலும் மூன்றாக நிறுத்தினாலும் அந்தக் கூட்டம் முடிய ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகும். மணிக்கு ஐம்பது பேர் வந்துகொண்டே இருந்தால் எந்த வரிசையும் காப்பாற்றாது, நான்காவது ஆளைத்தான் போட வேண்டும்.

இந்த இடத்தில் அந்த வாசகருக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 16 நிமிடம் என்பது கொஞ்சம் மிகையான எண். நம் ஆட்கள் எந்த ஊரில் வரிசை மாறாமல் நிற்கிறார்கள்? வந்ததுமே குட்டை வரிசையாகப் பார்த்துத்தான் நிற்பார்கள். பக்கத்துக் கவுண்டர் காலியானால் அடுத்த நொடி அங்கே இருப்பார்கள். இப்படி யாராவது தாவி வந்து, ஒரு கவுண்டரும் சும்மா இருக்க விடாமல் பார்த்துக்கொண்டால், தனி வரிசையின் சராசரிக் காத்திருப்பும் அதே 4.3 நிமிடத்துக்கு வந்துவிடும். 1987-இல் ரோத்காப், ரெக் என்ற இருவர் இதை எடுத்துச் சொல்லி, வரிசைகளைச் சேர்ப்பது எப்போதும் லாபம் என்று பாடப் புத்தகங்கள் சொல்வதை நம்பிவிடாதீர்கள் என்று எழுதினார்கள். அவர்கள் சொன்னது சரிதான்.

ஆனால் தாவுகிறவர் யார் என்று பாருங்கள். எங்கள் ஊர் வசூல் மையம் ஒன்றில் போன மாதம் நடந்தது இது. இரண்டு கவுண்டர் ஓடிக்கொண்டிருந்தது, மூன்றாவதைத் திறந்தார்கள். ஊழியர் வந்து நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள், வரிசையின் வாலில் அப்போதுதான் வந்து நின்ற இரண்டு இளைஞர்கள் அங்கே முதலாகவும் இரண்டாவதாகவும் நின்றுவிட்டார்கள். முக்கால் வழி வந்திருந்த ஒரு அம்மா கைத்தடியோடு திரும்புவதற்குள் அங்கும் ஐந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். அவர் பழைய இடத்துக்கே வந்தார். "நான் இங்கேதானே நின்னேன்" என்று அவர் சொன்னது பின்னால் இருந்தவருக்குக் காது கேட்கவில்லை. சராசரி எடுத்தால் அன்றைக்கு யாருக்கும் நஷ்டம் இல்லை, அந்த இளைஞர்கள் மிச்சம் பிடித்த நிமிடங்களை அந்த அம்மா கொடுத்தார், அவ்வளவுதான். அரை மணி கழித்து இரண்டாம் கவுண்டரில் சாப்பாட்டு இடைவேளைப் பலகையை வைத்தார்கள். அங்கே நின்றவர்கள் அடுத்த வரிசையின் கடைசியில் போய்ச் சேர வேண்டியதாயிற்று. ஒரே வரிசையாக இருந்தால் ஒரு கவுண்டர் மூடினாலும் திறந்தாலும் யாருடைய முறையும் மாறாது. எல்லோருக்கும் கொஞ்சம் தாமதமாகும், அல்லது கொஞ்சம் சீக்கிரமாகும்.

ஜான் கிங்மன் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1962-இல் இதற்கு நிரூபணமே எழுதியிருக்கிறார். யாருக்கு எவ்வளவு நேர வேலை என்று முன்கூட்டித் தெரியாத இடத்தில், முதலில் வந்தவரை முதலில் கவனித்தால்தான் ஆளுக்கு ஆள் காத்திருப்பு வித்தியாசம் மிகக் குறைவாக இருக்கும் என்பது அதன் சாரம். மேலே சொன்ன கணக்கில், ஒரே வரிசையில் 15 நிமிடத்துக்கு மேல் நிற்பவர் நூற்றுக்கு ஏழு பேர்தான். மாறாமல் நிற்கும் தனி வரிசையில் அது முப்பத்தெட்டு பேர். "நான் நிற்கிற வரிசைதான் எப்போதும் நகராது" என்று நாம் எல்லோரும் புலம்புவதற்கும் காரணம் இருக்கிறது. மூன்று வரிசையில் நம்முடையது எல்லாவற்றிலும் வேகமாக நகர மூன்றில் ஒரு வாய்ப்புதான். பக்கத்து வரிசைகளில் ஏதாவது ஒன்று நம்மைத் தாண்டிப் போவதைப் பார்க்கத்தான் நமக்கு அதிக வாய்ப்பு.

சரி, ஒரே வரிசை போட்டுவிட்டால் போதுமா என்றால் இல்லை. பல இடங்களில் அதையும் கெடுத்து வைத்திருக்கிறார்கள். முதல் கெடுதல் நடை. வரிசையின் தலையிலிருந்து மூன்றாம் கவுண்டர் எட்டடி தள்ளி இருக்கும். "அடுத்து!" என்ற குரல் கேட்டு, எந்தக் கவுண்டர் என்று தேடி, பையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர பத்து நொடி ஆகும். பத்து நொடிதானே என்று தோன்றும். ஆனால் அந்தப் பத்து நொடியும் ஊழியர் சும்மா இருக்கும் நேரம், அது ஒவ்வொரு ஆளுக்கும் சேர்கிறது. 4 நிமிட வேலை 4 நிமிடம் 10 நொடியாகும்போது, 4.3 நிமிடமாக இருந்த காத்திருப்பு ஏறக்குறைய 6 நிமிடமாகிறது. வேலைப்பளு ஏற்கெனவே எண்பது சதவீதம் இருக்கும் இடத்தில் சின்னத் தாமதம்கூட இப்படிப் பெருகும். இதற்கு மருந்து சுலபம்: ஒவ்வொரு கவுண்டருக்கும் முன்னால் ஓரடி தள்ளித் தரையில் ஒரு கோடு போட்டு, ஒருவரை அங்கே முன்கூட்டியே கூப்பிட்டு நிறுத்திவிடலாம். பெரிய சூப்பர் மார்க்கெட்டில் தனி வரிசை வைப்பதிலும் இதே நியாயம் உண்டு. முன்னால் உள்ளவருக்குப் பில் போடும்போதே அடுத்தவர் சாமானைப் பட்டையில் எடுத்து வைத்துவிடுகிறார், அங்கே கவுண்டர் காத்திருப்பதில்லை.

இரண்டாவது கெடுதல், எல்லாக் கவுண்டரிலும் எல்லா வேலையும் நடக்காதது. "இது இங்கே இல்லை, அங்கே போங்க" என்று ஒரு தடவை சொன்னாலே ஒற்றை வரிசை குலைந்துவிடும். ரயில் முன்பதிவில் பதிவேடு இருந்த காலத்தை வயதானவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். இந்த வண்டிக்கு இந்தக் கவுண்டர் என்று பிரித்து வைத்திருந்தார்கள், ஏனென்றால் அந்த வண்டியின் பதிவேடு அந்த மேசையில்தான் இருக்கும். 1980-களின் பின்பாதியில் கணினி வந்து எந்தக் கவுண்டரிலும் எந்த வண்டிக்கும் டிக்கெட் கிடைத்த பிறகுதான் அந்தப் பிரிவினை போயிற்று. வங்கியில் டோக்கன் இயந்திரம் வைத்துவிட்டோம் என்று பெருமைப்படும் கிளைகளும் இதைக் கவனிக்கட்டும். பணம் போட ஒரு எண், பாஸ்புக்குக்கு ஒரு எண், கடனுக்கு ஒரு எண் என்று கொடுத்தால் அவை உட்கார்ந்திருக்கும் தனி வரிசைகளே. ஒரு மேசையில் ஆளே இல்லாமல், அடுத்த மேசைக்குப் பதினைந்து பேர் உட்கார்ந்திருப்பதை அங்கேயும் பார்க்கலாம்.

ஊழியர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பொது வரிசையில் ஒருவரை வேகமாக முடித்தால் பரிசு அடுத்த ஆள்தான், தன் வரிசை என்று ஒன்று இருந்தால் அதை முடித்துவிட்டு மூச்சு விடலாம். அமெரிக்காவில் ஒரு அவசரச் சிகிச்சைப் பிரிவில், வந்ததும் நோயாளியை ஒரு குறிப்பிட்ட மருத்துவரின் பொறுப்பில் விட்டபோது, பொதுவாகக் காத்திருந்த முறையைவிட நோயாளிகள் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள் என்று 2015-இல் ஒரு ஆய்வு காட்டியது. மருத்துவர் மாதிரி ஒரு நோயாளியோடு தொடர்ந்து வேலை செய்யும் இடத்துக்கு இது பொருந்தும். பணம் வாங்கி ரசீது கொடுக்கும் மேசைக்கு எனக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை.

முதியோருக்கும் மாற்றுத் திறனாளிக்கும் தனிக் கவுண்டர் ஒன்றை ஒதுக்குவது நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் அது காலியாகக் கிடக்கும்போது பக்கத்தில் முப்பது பேர் நிற்கிறார்கள், நெரிசல் நேரத்தில் அதற்குள்ளேயே பத்துப் பேர் நிற்கிறார்கள். அவர்களுக்கு உட்கார நாற்காலியும் தனி நுழைவும் கொடுத்து, எந்தக் கவுண்டர் காலியானாலும் முதலில் அவர்களைக் கூப்பிட்டால் இரண்டு குறையும் தீரும்.

அந்த வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை போகும்போது வரிசையின் நீளத்தை விட்டுவிட்டு மூன்று மேசைகளையும் பார்க்கட்டும். யாராவது நின்றுகொண்டிருக்கும்போது ஒரு ஊழியர் சும்மா இருந்தால், எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்ளட்டும். அந்தத் தாளை அலுவலக அதிகாரியிடம் கொடுத்துத் தரைக்கோடு ஒன்றைக் கேட்கட்டும். பெயிண்ட் செலவு ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர்,
தஞ்சாவூர்