மூன்று நிமிடத்துக்குள் உன் ஆய்வேடு: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று நிமிட ஆய்வேட்டுப் போட்டிக்காக நீ அனுப்பிய பேச்சின் முதல் வரைவைப் படித்தேன். ஐந்து இயல்களையும் வரிசை மாறாமல் சுருக்கி, இயல் இயலாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறாய். எல்லோரும் முதலில் இப்படித்தான் எழுதுவார்கள். ஆய்வேட்டில் அந்த வரிசை சரி, ஏனென்றால் நீ வேலை செய்த வரிசை அது. தருமபுரிக் கிணற்று நீரைப் பற்றி எதுவுமே தெரியாமல் வந்து உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அந்த வரிசை உதவாது.

இந்தப் போட்டி 2008-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அப்போது அங்கே கடும் வறட்சி. மூன்று நிமிடத்துக்குள் குளித்து முடிக்க வீடுகளில் சின்ன மணற்கடிகாரம் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்தது என்பார்கள். தண்ணீரை ஆராய்கிற உனக்கு இது பிடிக்கும் என்று சொல்லி வைக்கிறேன். 80,000 சொல் கொண்ட ஆய்வேட்டை வாய்விட்டுப் படிக்க ஒன்பது மணி நேரம் ஆகும் என்பது அவர்களே சொல்லும் கணக்கு. ஒன்பது மணி நேரத்தை எவ்வளவு சுருக்கினாலும் மூன்று நிமிடம் ஆகாது. உள்ளிருந்து ஒன்றை எடுத்து வெளியே வைக்கத்தான் முடியும்.

உன்னுடைய அந்த ஒன்று நான்காம் இயலில், கிணற்று நீர் சோதனையின் நடுவில் இருக்கிறது. காய்ச்சி வடித்த நீரில் ஃப்ளோரைடு உப்பைக் கரைத்து விட்டபோது ஃப்ளோரைடை நன்றாகப் பிடித்து வைத்த அலுமினா வடிகட்டி, அதாவது அலுமினிய ஆக்சைடு வடிகட்டி, கிணற்று நீரில் அதில் பாதிகூடப் பிடிக்கவில்லை. காரணம் கிணற்று நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் என்று நீ காட்டியிருக்கிறாய். அதைவிட முக்கியமான வரி அடுத்த பக்கத்தில் வருகிறது. பைகார்பனேட் மிகுந்த நீரில் கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்து குறைந்துவிடும். கால்சியம் இருந்தால் அது ஃப்ளோரைடையும் பிடித்துப் படிய வைத்திருக்கும். அது இல்லாததால் பாறையிலிருந்து வரும் ஃப்ளோரைடு நீரிலேயே தங்கிவிடுகிறது. அதாவது, எந்தக் கிணற்றுக்கு வடிகட்டி அதிகம் தேவையோ, பெரும்பாலும் அந்தக் கிணற்று நீர்தான் வடிகட்டியைக் கெடுக்கவும் செய்கிறது. இதைக் கேட்டால் யாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். நீ இதை வரைவின் கடைசி அரை நிமிடத்தில், "களச் சூழலில் திறன் குறைந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய்.

ஆகவே அங்கிருந்து தொடங்கு. முதல் வரிகள் இப்படி இருக்கலாம்: "எங்கள் ஆய்வகத்தில் ஒரு வடிகட்டி நன்றாக வேலை செய்தது. அதே வடிகட்டியில் ஒரு கிராமத்துக் கிணற்று நீரை ஊற்றினேன். பாதிகூட வேலை செய்யவில்லை. ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் என் ஆய்வு." இதற்குப் பிறகுதான் ஃப்ளோரைடு என்றால் என்ன, அதிகமானால் வரும் ஃப்ளோரோசிஸில் பல்லும் எலும்பும் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டும். நான்கு வரி போதும். உன் வரைவில் இந்தப் பின்னணியே ஒரு நிமிடத்துக்கு மேல் போகிறது. அது எல்லோருக்கும் பொதுவான செய்தி, நீ கண்டுபிடித்தது இல்லை.

அலுமினாவை எப்படித் தயாரித்தாய் என்பது, எக்ஸ்-கதிர் படங்கள், லாங்மியர் வளைவு எல்லாம் போகட்டும். இரண்டு வருட உழைப்பை விடச் சொல்கிறேன் என்று தெரியும். அது வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு வேண்டும், அங்கே கட்டாயம் கேட்பார்கள். எண்களில் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லையான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமையும் உன் கிணற்றின் அளவையும் மட்டும் வைத்துக்கொள்.

பைகார்பனேட் எப்படிக் கெடுக்கிறது என்பதற்கு ஓர் உவமை தேவைப்படும். பேருந்து இருக்கை சரியாக வரும் என்று நினைக்கிறேன். அலுமினாவின் மேற்பரப்பில் இருக்கைகள் இருக்கின்றன. ஃப்ளோரைடுக்கு அங்கே முன்னுரிமை உண்டு. ஆனால் ஒரு லிட்டரில் ஃப்ளோரைடு சில மில்லிகிராம்தான், பைகார்பனேட்டோ பல நூறு மில்லிகிராம். கூட்டம் முந்திக்கொள்கிறது. இதோடு உவமையை விட்டுவிடு. பி.எச். ஏறும்போது அந்த மேற்பரப்பின் மின்னூட்டமே மாறுவதையும் இருக்கைக் கதைக்குள் இழுத்தால் பொய்யாகிவிடும். அங்கே நேராகச் சொல்: "இந்த நீர் காரத்தன்மை உள்ளது. வடிகட்டி நன்றாக வேலை செய்வதோ லேசான அமிலத்தன்மையில்." அதிலிருந்து உன் தீர்வுக்கு ஒரே அடி. நீரின் பி.எச்.சை முதலில் ஆறுக்குச் சற்றுக் கீழே இறக்கிவிட்டு வடிகட்டியில் விட்டபோது இழந்த திறனில் பெரும்பகுதி திரும்பி வந்தது.

கடைசி வரியில் "ஃப்ளோரோசிஸ் இல்லாத தமிழகம்" என்று எழுதியிருக்கிறாய். அதை எடுத்துவிடு. நடுவர்களுக்கான அளவுகோல்களிலேயே, ஆய்வை மலிவாக்காமல், மிகையாகப் பொதுமைப்படுத்தாமல் சொன்னாரா என்று ஒரு கேள்வி உண்டு. அமிலம் சேர்த்தால் அதைக் கிராமத்தில் யார் கையாள்வது, வடித்த பிறகு பி.எச்.சைத் திரும்ப யார் ஏற்றுவது என்பதற்கு உன் ஆய்வேட்டில் இன்னும் விடை இல்லை. நீ உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: ஒரு ஊரில் வடிகட்டி வைக்கும் முன் அந்தக் கிணற்றின் ஃப்ளோரைடை மட்டுமல்ல, பைகார்பனேட்டையும் அளக்க வேண்டும். அது போதுமான முடிவு. நாளைக்கே ஒருவர் செய்து பார்க்கலாம்.

ஸ்லைடு ஒன்றுதான் அனுமதி. அசைவு, ஒலி, கையில் பொருள் எதுவும் கூடாது. ஸ்லைடு பேச்சின் முதல் நொடியிலிருந்தே திரையில் இருக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. நீ இப்போது வைத்திருக்கும் படத்தில் "காரணம்: பைகார்பனேட்" என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. நீ வாய் திறக்கும் முன்பே சபை விடையைப் படித்துவிடும். இரண்டு கண்ணாடிக் குவளைகள், ஒன்றின் கீழ் "ஆய்வகம்", மற்றதன் கீழ் "கிணறு", இரண்டுக்கும் நடுவில் ஒரே வடிகட்டி. அவ்வளவு இருந்தால் கேள்வி மட்டும் திரையில் நிற்கும்.

நேரத்தில் கொஞ்சம் கறாராக இரு. மூன்று நிமிடத்தைத் தாண்டினால் தகுதி நீக்கம், விதிவிலக்கு கிடையாது. நீ பேசவோ அசைந்து நடிக்கவோ தொடங்கிய கணத்திலிருந்து கடிகாரம் ஓடும். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் மூன்று நிமிடத்துக்கு 400 சொல் பக்கம் வரும். நீ எழுதியிருப்பது அறுநூறைத் தாண்டுகிறது. 370-இல் நிறுத்திக்கொள். சபை சிரித்தால், நீ ஒரு சொல்லுக்குத் தடுமாறினால், அதற்கு இடம் வேண்டும். வேகமாகப் பேசிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதே, பைகார்பனேட் பகுதியில்தான் வேகம் கூடும், அங்கேதான் கேட்பவர்கள் நழுவுவார்கள்.

புதிய வரைவு தயாரானதும் வேதியியல் படிக்காத ஒருவரிடம் பேசிக் காட்டு. அன்றைக்கு எதுவும் கேட்காதே. மறுநாள், "நான் என்ன கண்டுபிடித்தேன்?" என்று மட்டும் கேள். "ஃப்ளோரைடு உடம்புக்குக் கெடுதல்" என்று பதில் வந்தால் பின்னணி இன்னும் அதிகமாக இருக்கிறது. "ஏதோ பஸ் சீட்" என்று வந்தால் உவமை விஷயத்தை விழுங்கிவிட்டது. "எந்தக் கிணற்றுக்கு வேண்டுமோ அங்கேயே வேலை செய்யவில்லையாமே" என்று வந்தால் அந்த வரைவை அப்படியே எனக்கு அனுப்பு. ஸ்லைடையும் சேர்த்து அனுப்பு, சனிக்கிழமை போனில் பேசி முடித்துவிடலாம்.

அன்புடன்,
அக்கா