பதிவுக்கு முன்பே கொடுங்கள்: தாய்சேய் நலத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தாய்சேய் நலத் துறையின் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் மருத்துவமனை ஒன்றில் மாத்திரை தரும் ஜன்னலில் இருந்து வெறுங்கையோடு திரும்பினேன். அடுத்த குழந்தைக்குத் தயாராகிறோம், ஃபோலிக் அமிலம் வேண்டும் என்று கேட்டேன். "கர்ப்பம் உறுதியாகட்டும்மா, பதிவு பண்ணின அப்புறம் வாங்க, தருவோம்" என்றார் செவிலியர். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவரிடம் இருந்த விதியைத்தான் சொன்னார். அந்த விதியை எழுதியவர்களிடம்தான் பேச வந்திருக்கிறேன்.

என் மூத்தவளுக்கு ஏழு வயது. ஸ்பைனா பைஃபிடா, அதாவது முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்தவள். சிறுநீர் முட்டுவது அவளுக்குத் தெரியாது. நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி நான்தான் வடிக்கிறேன். பள்ளி நாளில் மதிய இடைவேளைக்கு நானும் அங்கே போய் நிற்கிறேன். ஒரு வேளை தவறினால் சிறுநீர் தேங்கும், தொற்று வரும். அது மேலேறினால் சிறுநீரகம் கெடும். பாதத்திலும் உணர்வு கிடையாது. ஒரு நாள் காலணிக்குள் விழுந்த சிறு கல்லோடு பகல் முழுக்க நடந்திருக்கிறாள். சாயங்காலம் காலுறை ரத்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. "வலிக்கலையே அம்மா" என்றாள்.

அவளைச் சுமந்தபோது நீங்கள் தந்த மாத்திரையை ஒரு நாள் விடாமல் சாப்பிட்டேன். பத்தாவது வாரம் பதிவு செய்தேன், அன்றே தந்தார்கள். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். கருத்தரித்த 28 நாளுக்குள், அதாவது கடைசி மாதவிலக்கில் இருந்து எண்ணினால் ஆறாவது வாரத்துக்குள், மூளையும் தண்டுவடமும் உருவாகும் அந்தக் குழல் மூடியாக வேண்டும். அது சரியாக மூடத்தான் ஃபோலிக் அமிலம் உதவுகிறது. நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். நிறையப் பேருக்குக் கர்ப்பம் என்றே அப்போது தெரிவதில்லை. என் கைக்கு மாத்திரை வந்தபோது அந்த வேலை முடிந்து நாலு வாரம் ஆகியிருந்தது. ரத்தசோகைக்கு அது உதவியிருக்கும். முதுகுத்தண்டுக்கு உதவ வழியே இல்லை.

இது உங்களுக்குத் தெரியாததல்ல. முன்பு இப்படிப் பாதிப்புள்ள கருவைச் சுமந்த பெண்களை வைத்து ஏழு நாடுகளில் நடந்த ஆய்வு 1991-இல் வெளியானது. கருத்தரிக்கும் முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களிடம் மறுபடி அதே பாதிப்பு வருவது 72 சதவீதம் குறைந்தது. முற்றிலும் நிற்கவில்லை, வேறு காரணங்களும் உண்டு என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் நான் அந்த 4 மில்லிகிராம் தேவைப்படுகிற வகையைச் சேர்ந்தவள். என் மகளின் கோப்பு உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் "அப்புறம் வாங்க" என்ற பதில்தான் கிடைத்தது. மற்ற பெண்களுக்குத் தினம் 400 மைக்ரோகிராம் போதும், கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கினால்.

ஃபோலிக் அமிலம் மட்டும் இல்லை, உங்கள் அக்கறை எல்லாமே பதிவுச் சீட்டில்தான் தொடங்குகிறது. ருபெல்லா தடுப்பூசியை எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பமான பிறகு அதைப் போடக் கூடாது, போட்ட பின் ஒரு மாதமாவது கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும். விட்டுவிட்டு முதல் மூன்று மாதத்தில் அந்தத் தொற்று வந்தால் குழந்தையின் காதும் கண்ணும் இதயமும் பாதிக்கப்படலாம். அயோடினும் அப்படித்தான். முதல் மாதங்களில் சிசு, அயோடினால் உருவாகும் தாயின் தைராய்டு சுரப்பை நம்பித்தான் மூளையை வளர்க்கிறது. பிரசவ அறையில் நீங்கள் எடுத்திருக்கும் சிரத்தையை மனதார மதிக்கிறேன். மூச்சு விடாத குழந்தைக்கு முதல் நிமிடத்திலேயே மூச்சுக் கொடுக்கப் பழகிய செவிலியரை நானே பார்த்தேன். ஆனால் என் மகளின் சேதம் அந்த அறைக்கு வருவதற்கு எட்டு மாதம் முன்பே நடந்துவிட்டது.

ஆகவே கேட்கிறேன்: பதிவுக்கு முன்பே கொடுங்கள். கருத்தடையை நிறுத்த வருகிறவளிடமும், குழந்தைக்குத் தடுப்பூசி போட வருகிற தாயிடமும் அடுத்த குழந்தை பற்றிக் கேட்டு மாத்திரையைக் கையில் கொடுக்கலாம். பாதிப்புள்ள குழந்தை உள்ள வீடுகளைக் கோப்பில் இருந்து எடுத்து, மருத்துவரே கூப்பிட்டுக் கூடுதல் அளவை எழுதித் தரலாம். திட்டமிடாமல் கர்ப்பமாகிறவர்களுக்கு இது எதுவும் எட்டாது. அதற்கு ஃபோலிக் அமிலத்தை மாவிலேயே கலப்பதுதான் வழி. அமெரிக்கா 1998-இலேயே சத்துச் சேர்த்து விற்கும் மாவில் 100 கிராமுக்கு 140 மைக்ரோகிராம் என்று கட்டாயமாக்கியது. உலக சுகாதாரப் பேரவையும் 2023-இல் உணவில் செறிவூட்டும்படி எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது.

எனக்கான மாத்திரையை வெளியே ஒரு மருத்துவரைப் பார்த்து வாங்கிக்கொண்டேன். எனக்கு விவரம் தெரிந்தது, அதனால் முடிந்தது. என் பின்னால் வரிசையில் நின்றவளுக்கும் தெரியும் என்று சொல்ல முடியாது. அவள் வந்து கேட்டால், கேட்காவிட்டாலும்கூட, பதிவுக்கு முன்பே எடுத்துக் கொடுக்கும்படி அந்தச் செவிலியருக்கு ஓர் உத்தரவு அனுப்புங்கள் என்று தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏழு வயது மகளின் தாய்