உன் பொண்ணு ரெஸ்யூமேயில் எழுதாமல் விட்டது

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள நண்பா,

கடிதமும் அதோடு நீ அனுப்பிய தாள்களும் வந்து சேர்ந்தன. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தவளக்குப்பம் அரவிந்தில்தான் செய்தோம். சொட்டு மருந்து போடும் பொறுப்பு என் தலையில் விழுந்திருப்பதால் இப்போதைக்கு மஞ்சக்குப்பம் பக்கம் வர முடியாது. நேரில் பேசியிருந்தால் அரை மணியில் முடியும் விஷயம்தான். எழுத வேண்டியதாகிவிட்டது, பொறுமையாகப் படி.

"இந்த வேலைக்கு என் பொண்ணு தேறுவாளா, ரெஸ்யூமேயைப் பார்த்துச் சொல்" என்று கேட்டிருந்தாய். நான் முதலில் படித்தது ரெஸ்யூமேயை இல்லை, வேலை விளம்பரத்தை. பிசினஸ் அனலிஸ்ட் வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போலத்தான் இருக்கும். ஆனால் எந்த விஷயத்தை வேறு வேறு வார்த்தையில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்று பார்த்தால், அவர்களுக்கு எங்கே வலிக்கிறது என்று தெரிந்துவிடும். இந்த விளம்பரத்தில் "பல தரப்பினரோடு வேலை செய்யும் அனுபவம்" என்று ஓரிடத்தில் இருக்கிறது. "முரண்பட்ட தேவைகளை ஒருமுகப்படுத்துதல்" என்று இன்னோரிடத்தில். கடைசியில் "இன்ஷூரன்ஸ் கம்பெனி, டிபிஏ, மருத்துவமனை மூவரிடமும் ஒப்புதல் பெறுதல்". டிபிஏ என்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நடுவில் இருந்து க்ளெய்ம்களைக் கையாளும் நிறுவனம். சென்னையில் கேஷ்லெஸ் க்ளெய்முக்கு மென்பொருள் செய்கிற கம்பெனி. மூன்று தரப்பும் மூன்று பக்கம் இழுக்க, நடுவில் நின்று சமாளிக்க ஆள் தேடுகிறார்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எஸ்.க்யூ.எல்., சிசிபிஏ சான்றிதழ் இரண்டையும் "இருந்தால் நல்லது" என்றுதான் போட்டிருக்கிறார்கள். அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவே கடந்த 7 ஆண்டுகளில் 3750 மணி நேர அனலிஸ்ட் வேலை காட்ட வேண்டும். அதற்காக இப்போது அவள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் ரெஸ்யூமேக்கு வந்தேன். முதல் வரி: "பயனாளர்களிடமிருந்து ரெக்வயர்மென்ட் சேகரித்து ஆவணப்படுத்தினேன்." தப்பே இல்லாத வரி. ஆனால் எங்கள் மேஜைக்கு வருகிற எல்லா ரெஸ்யூமேயிலும் இது இருக்கிறது. இன்டர்வியூ பேனலில் உட்காரும்போது இந்த மாதிரி வரியைப் பார்த்தால் எனக்குள் சில கேள்விகள் தானாக எழும். யாரிடம் சேகரித்தாய்? உட்கார்ந்து பேசியா, கூட்டம் போட்டா, பக்கத்தில் நின்று வேலையைக் கவனித்தா? நீ போகாமல் இருந்திருந்தால் மென்பொருளில் எது தப்பாகப் போயிருக்கும்? ரெஸ்யூமேயில் எதற்கும் பதில் இல்லை. அதனால் அவளுக்கே போன் போட்டேன்.

போனில் சொன்னபோதுதான் தெரிந்தது, சரியான வேலை செய்திருக்கிறாள். அவள் வேலை செய்யும் கம்பெனியின் மென்பொருளை வாங்கிய மருத்துவமனை நிர்வாகம், "டிஸ்சார்ஜுக்கு நேரமாகிறது, ஒரு டேஷ்போர்டு போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறது. இவள் அதை அப்படியே எழுதிக்கொண்டு வராமல், இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். பில்லிங் கவுண்டரில் தாமதமே இல்லை. வார்டிலிருந்து மிச்ச மருந்து ரிட்டர்ன் வராமல் ஃபைனல் பில் மூட முடியவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் பரிசோதனை ரிப்போர்ட் விட்டுப்போவதால் டிபிஏவிலிருந்து க்வெரி வந்து, அதற்குப் பதில் போடுவதில் இன்னும் நேரம் போகிறது. டேஷ்போர்டு போட்டிருந்தால் தாமதம் அழகாகத் திரையில் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். கேட்டது ஒன்று, தேவை வேறொன்று என்று அவள் கண்டுபிடித்ததைத்தான் நாங்கள் ரெக்வயர்மென்ட் கேதரிங் என்கிறோம். அதில் ஒரு எழுத்துகூட ரெஸ்யூமேயில் இல்லை, பார்!

ஆவணங்கள் விஷயத்தில் நேர்மாறு. பி.ஆர்.டி., எஃப்.ஆர்.டி., எஸ்.ஆர்.எஸ்., யூஸ் கேஸ், யூசர் ஸ்டோரி, வயர்ஃப்ரேம், ட்ரேசபிலிட்டி மேட்ரிக்ஸ் என்று ஒரே வரியில் அடுக்கிவிட்டாள். இப்படி எல்லாம் வரிசையாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். ஒரே ப்ராஜெக்டில் இத்தனையும் யாரும் எழுதுவதில்லை. மருத்துவமனைப் பெயரையும் நோயாளி விவரத்தையும் எடுத்துவிட்டு, மேலாளரிடம் கேட்டுக்கொண்டு ஒரு மாதிரி அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள்.

அதில் ஒரு யூசர் ஸ்டோரியை, அதாவது பயனாளருக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் குறிப்பை, பார்த்து அசந்துபோனேன். 2024-ல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் ஒரு சுற்றறிக்கை போட்டது. கேஷ்லெஸ் சிகிச்சைக்கு அனுமதி கேட்டால் 1 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் நேரத்தில் மருத்துவமனை கேட்டதிலிருந்து 3 மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. சாதாரணமாக ஒரு புது ஆள், "3 மணி நேரத்துக்குள் அனுமதி கிடைத்ததா என்று சிஸ்டம் கண்காணிக்க வேண்டும்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். இவள், எந்த நிமிடத்திலிருந்து 3 மணி நேரம் என்று கேட்டிருக்கிறாள். ஃபைனல் பில்லும் சம்மரியும் இரண்டும் போய், டிபிஏ போர்ட்டலிலிருந்து ஒப்புகை எண் வந்த நேரம்தான் தொடக்கம் என்று எழுதியிருக்கிறாள். நடுவில் க்வெரி வந்தால் அந்த நேரமும், பதில் போன நேரமும் தனித்தனியாகப் பதிவாக வேண்டும். இரண்டரை மணி நேரம் தாண்டியும் பதில் இல்லையென்றால் டெஸ்க்குக்கு எச்சரிக்கை. இதை வைத்து டெஸ்டர் நேராக டெஸ்ட் கேஸ் எழுதிவிடலாம், யாரிடமும் போய்ச் சந்தேகம் கேட்க வேண்டியதில்லை. மென்பொருள் சரியாக வேலை செய்கிறது என்று ஒப்புக்கொள்வதற்கான நிபந்தனைகள், அதாவது அக்செப்டன்ஸ் க்ரைட்டீரியா, நன்றாக இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே சோதனை இதுதான்.

குறையும் உண்டு. நெட் போய், பில் அனுப்பியும் ஒப்புகை எண் வரவில்லையென்றால் கடிகாரம் ஓடுமா, நிற்குமா? அது எங்கும் எழுதப்படவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தால் என்ன ஆகும் என்பதை எழுதிவிட்டு, நடக்காவிட்டால் என்ன என்பதை விட்டுவிடுவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் வருகிற வியாதி. சென்னையில் யாராவது கேட்கத்தான் போகிறார்கள். இன்னொன்று, எந்தத் தேவைக்கு எந்த டெஸ்ட் கேஸ் என்று காட்டும் அட்டவணையான ட்ரேசபிலிட்டி மேட்ரிக்ஸ் தெரியும் என்று போட்டிருக்கிறாள். ஆனால் மாதிரியில் எந்தத் தேவைக்கும் எண்ணே இல்லை. "இந்த விதி மாறினால் எந்த டெஸ்ட் கேஸை எல்லாம் திரும்பத் திறப்பாய்?" என்று கேட்டால் மாட்டிக்கொள்வாள். அந்த வார்த்தையை எடுத்துவிடச் சொன்னேன். எஸ்.ஆர்.எஸ்.ஸையும்தான். தான் எழுதிய மூன்று ஆவணங்களை மட்டும் வைத்து, யார் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்தால் போதும்.

இப்போது அந்தக் கம்பெனிக்கு வலிக்கிற இடம். "சிறந்த ஸ்டேக்ஹோல்டர் மேனேஜ்மென்ட் திறன்" என்று ஸ்கில்ஸ் பகுதியில் போட்டிருக்கிறாள். அந்தப் பகுதியில் இருக்கிற இந்த மாதிரிப் புகழ்ச்சிக்கு நான் மார்க் போடுவதே இல்லை. என்ன நடந்தது என்று அனுபவப் பகுதியில் தெரிய வேண்டும்.

நடந்தது இது. சம்மரி காலையிலேயே வேண்டும் என்கிறது இன்ஷூரன்ஸ் டெஸ்க். ஓ.பி. முடித்துவிட்டு மதியம்தான் கையெழுத்துப் போடுவோம் என்கிறார்கள் டாக்டர்கள். இவர்களை ஒரே அறையில் உட்கார வைத்தால் சண்டைதான் வரும் என்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசிவிட்டு, இதில் முடிவெடுக்க அதிகாரம் உள்ளவர் மெடிக்கல் சூப்பரின்டெண்டென்ட்தான் என்று கண்டுகொண்டாள். ஒரு வாரத்து டிஸ்சார்ஜ்களில் எந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் போனது என்ற குறிப்பை அவர் முன்னால் வைத்தாள். டாக்டர்கள் நேரத்தை மாற்றச் சொல்லவில்லை. மறுநாள் போகப்போகிற நோயாளிக்கு முந்தின நாள் சாயங்காலமே டியூட்டி டாக்டர் வரைவு தயார் செய்யட்டும், கன்சல்டன்ட் திருத்தினால் போதும் என்றாள். இரண்டு டிபார்ட்மென்ட் ஒத்துக்கொண்டது, சர்ஜரி ஒத்துக்கொள்ளவில்லை. அதை மூடி மறைக்காமல், முடிவாகாத விஷயம் என்று பொறுப்பாளர் பெயரும் தேதியும் போட்டு ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறாள். எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசி விஷயம்தான். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று எழுதிவிட்டு, பயனாளர்களே சோதித்துப் பார்க்கும் யூ.ஏ.டி. நேரத்தில் மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் இதற்கு முழு மார்க் தர மாட்டேன். அவள் சமாளித்தது ஒரே மருத்துவமனைக்குள். மேலே ஒரு சூப்பரின்டெண்டென்ட் இருந்தார், அவர் சொன்னால் முடிந்தது. இந்த வேலையில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் மருத்துவமனைக்கும் பொதுவான மேலதிகாரி யாரும் கிடையாது. ஒப்பந்தத்தையும் விதியையும் வைத்துத்தான் பேச வேண்டும். அந்த அனுபவம் அவளுக்கு இல்லை. இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது. டிபிஏ க்வெரிகளை அந்தப் பக்கத்து ஆட்களிடம் போனில் பேசித் தெளிவுபடுத்தியிருக்கிறாள். அதை உள்ளபடி எழுதட்டும்.

"மாமா, டிஸ்சார்ஜ் நேரம் எத்தனை சதவீதம் குறைந்தது என்று போடலாம்?" என்று கேட்டாள். மாற்றத்துக்குப் பிறகு யாராவது அளந்தார்களா என்றேன். இல்லையாம். அப்படியானால் சதவீதமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எதை வைத்துக் கணக்குப் போட்டீர்கள் என்பதுதான் பேனலில் அடுத்த கேள்வியாக வரும். அதற்குப் பதிலாக முதல் வரியை இப்படி மாற்றச் சொன்னேன்: "இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் நேரடியாகக் கவனித்ததில் டிஸ்சார்ஜ் தாமதத்துக்கு மருந்து ரிட்டர்னும் முழுமையில்லாத சம்மரியும் காரணம் என்று கண்டறிந்து, கேட்கப்பட்ட டேஷ்போர்டுக்குப் பதிலாக முன்கூட்டியே டிஸ்சார்ஜ் சம்மரி தயார் செய்யும் முறைக்கான தேவைகளை எழுதி, இரண்டு டிபார்ட்மென்டில் ஒப்புதல் பெற்றேன்." நீளம்தான், ஆங்கிலத்தில் போட்டால் இரண்டு வரியில் அடங்கும்.

வார்த்தை விஷயமும் ஒன்று. அவள் ஆபீஸில் "வேலிடேஷன் பாயின்ட்" என்று சொல்வதைத்தான் விளம்பரத்தில் அக்செப்டன்ஸ் க்ரைட்டீரியா என்று போட்டிருக்கிறார்கள். முதலில் ரெஸ்யூமேயைச் சலிக்கிறவர் ஹெச்.ஆர். ஆள். இரண்டும் ஒன்று என்று அவருக்குத் தெரியாது. விளம்பரத்தில் உள்ள வார்த்தையையே போடட்டும்.

கேட்டதற்குப் பதில்: விண்ணப்பிக்கலாம். ஆவணத்தில் தேறிவிடுவாள். கேதரிங்கும் மாற்றி எழுதினால் தேறும். மூன்றாவதான, பல தரப்பைச் சமாளிப்பதில் பாதிக் கிணறு தாண்டியிருக்கிறாள். மீதி, சர்ஜரி ஒத்துக்கொள்ளாத கதையை இன்டர்வியூவில் எப்படிச் சொல்கிறாள் என்பதில் இருக்கிறது.

திருத்தியதை வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு அனுப்பச் சொல், கடைசித் தேதிக்கு முன்னால் ஒருமுறை பார்த்துத் தருகிறேன். அந்த ஒப்புகை எண் கேள்வியை மட்டும் அவளிடம் சொல்லாதே. திருத்திய ஆவணத்தில் தானாகவே பிடிக்கிறாளா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்