நாலு லட்சத்துக்குக் கையெழுத்து வைக்க முன்னம்

அன்புள்ள தம்பிக்கு,

களஞ்சியத்தில் பொருள் குறைவு என்று கம்பனி உன்னை வேலையால் நிறுத்தின கதையைச் சொல்லி நீ போன் வைத்ததில் இருந்து அப்பா "வழக்குப் போடச் சொல்லு" என்று நிற்கிறார். மாமா வந்து, கோடு கச்சேரி ஏறினால் கையில் இருக்கிறதும் போகும் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பேரும் இப்படியான வேலை நீக்க வழக்குகளைக் கேட்கிற தொழில் நியாய சபையின் வாசல் மிதித்தவர்கள் இல்லை. நான் ஓய்வு பெறும்வரை தொழில் திணைக்களத்தில் முறைப்பாட்டுக் கோவைகளோடு கிடந்தவள். போனில் கணக்குச் சொன்னால் நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று வைத்துவிடுவாய். அதுதான் எழுதுகிறேன்.

முதலில் கம்பனி சொன்ன நாலு லட்சத்தைப் பார். ராஜினாமாக் கடிதம் தந்தால் 4 லட்சம், வேறு ஒன்றும் கேட்கமாட்டேன் என்று கையெழுத்து. நல்ல மனதோடு தருவது போலத்தான் இருக்கும். உனக்கு ஓவர்டைம் சேர்க்காமல் சம்பளம் 90,000. முழுசாக ஏழு வருஷம் முடித்துவிட்டாய். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருஷம் முடித்தவனுக்கு ஒரு வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம் வரவேண்டும். 45,000 தர ஏழு, 315,000. ராஜினாமாச் செய்தாலும் அது உன்னுடைய காசு. வேலை முடிந்து 30 நாளுக்குள் தரவேண்டிய காசு. மார்ச் மாதம் நீ வேலை செய்த 12 நாளுக்கு 36,000 இன்னும் தரவில்லை. இரண்டையும் கழித்தால், வழக்கை விட்டுக்கொடுக்க அவர்கள் உண்மையில் தருவது 49,000. உன் ஒரு மாதச் சம்பளம்கூட இல்லை.

அதோடு அந்த ராஜினாமாக் கடிதம் போனால் வழக்கே தலைகீழாகிவிடும். கம்பனி "நாங்கள்தான் நிறுத்தினோம்" என்று ஒத்துக்கொண்டால், ஏன் நிறுத்தினோம் என்று அவர்கள்தான் முதலில் சாட்சி வைத்து நிறுவவேண்டும். "தானாகப் போனார்" என்று அவர்கள் சொல்லக்கூடிய நிலை வந்தால், போகவில்லை, போக வைத்தார்கள் என்று காட்டவேண்டிய பாரம் உன் தலையில். என் மேசைக்கு வந்த கோவைகளில் நல்ல முறைப்பாடுகள் பல இந்த இடத்தில்தான் செத்தன.

உன் விஷயத்தில் எனக்குப் பயம் தருவதும் இதுதான். உனக்கு இன்னும் கடிதம் ஒன்றும் வரவில்லை. 12ஆம் திகதி முகாமையாளர் வட்ஸ்அப்பில் "நாளைக்கு வரவேண்டாம், பிறகு சொல்கிறோம்" என்று போட்டிருக்கிறார். அடுத்த நாள் கைரேகை மெஷின் உன் விரலை எடுக்கவில்லை, காவலாளி உள்ளே விடவில்லை. ஒழுக்காற்று நடவடிக்கையாக ஒருவரை நிறுத்தினால் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் எழுத்தில் காரணம் தரவேண்டும் என்று, ஆட்களை வேலையால் நீக்குவது பற்றிய 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. தரவில்லை. ஏன் தரவில்லை? நாளைக்கு நியாய சபையில் "13ஆம் திகதியில் இருந்து இவர் வேலைக்கு வரவில்லை, பதவியைக் கைவிட்டார்" என்று சொல்ல இடம் வைத்திருக்கிறார்கள். களஞ்சியத்தில் பொருள் குறைந்த கதையைச் சாட்சி வைத்து நிறுவுவதைவிட அவர்களுக்கு அது சுகம்.

அதனால் இந்தக் கிழமைக்குள் ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் போடு. நீளம் வேண்டாம், கோபம் வேண்டாம். இப்படிப் போதும்: "மார்ச் 12ஆம் திகதி முகாமையாளர் வேலைக்கு வரவேண்டாம் என்று குறுஞ்செய்தி அனுப்பினார். 13ஆம் திகதி காலை நான் வேலைக்கு வந்தேன், வாசலில் தடுக்கப்பட்டேன். என் சேவை முடிக்கப்பட்டதா என்று எழுத்தில் அறியத்தரவும். நான் எந்த நேரமும் வேலைக்குத் திரும்பத் தயாராக இருக்கிறேன்." கடைசி வசனத்தை விட்டுவிடாதே. வேலையைக் கைவிட்டவன் அப்படி எழுதமாட்டான். தபாற்கந்தோரில் தருகிற பற்றுச்சீட்டைக் கடிதத்தின் பிரதியோடு பின் அடித்து வை. வட்ஸ்அப் செய்தியை நம்பரும் திகதியும் தெரிகிறமாதிரிப் படம் பிடித்து அக்காவுக்கும் அனுப்பிவிடு. போன் தொலைந்தால் வழக்கும் தொலைந்தமாதிரி.

இனி நீ விரும்பாத கேள்வி. இருப்புக் கணக்குத் தாளில் யாருடைய கையெழுத்து இருக்கிறது? உன்னுடையதுதான் என்று நினைக்கிறேன். 280,000 ரூபாய்ச் சாமான் குறைவு என்கிறார்கள். திருட்டு என்று குற்றவியல் வழக்கில் நிரூபிக்கவேண்டிய அளவுக்கு நியாய சபையில் நிரூபிக்கத் தேவையில்லை. எது கூடுதலாக நடந்திருக்கும் என்று தலைவருக்குப் பட்டால் போதும். களஞ்சியம், காசாளர் போன்ற நம்பிக்கைக்குரிய வேலை என்றால், நம்பிக்கை போய்விட்டது என்ற வாதத்துக்கும் அங்கே எடை உண்டு. உள்ளக விசாரணை வைக்காமல் நிறுத்தினார்கள் என்று நீ கொதிக்கிறாய். தனியார் துறையில் அது கட்டாயம் என்று சட்டம் இல்லை, அது ஒன்றை வைத்து வெல்ல முடியாது. நியாய சபை எல்லாவற்றையும் அடியில் இருந்து தானே விசாரிக்கும்.

உன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. சாவி இரண்டு பேரிடம் இருந்தது. இரவு லோடு இறக்கும்போது நீ அங்கே இல்லை. டிசம்பர் கணக்கெடுப்பில் குறைவு இருக்கவில்லை. இந்த மூன்றுக்கும் தாளோ ஆளோ இருக்கிறதா? உன்னோடு வேலை செய்தவர்கள் "வந்து சொல்கிறோம்" என்பார்கள். அங்கேயே சம்பளம் வாங்குகிறவன் வந்து சொல்வான் என்று நம்பி வழக்குப் போடாதே. இரவு லோடுக்குக் காவலாளி எழுதுகிற பதிவுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி நியாய சபையூடாகக் கேட்கலாம். சட்டத்தரணியிடம் முதலில் அதைச் சொல்.

அந்தச் சட்டத்தரணி 15 லட்சம் கிடைக்கும் என்றாராம். அது எங்கே இருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆட்குறைப்புச் செய்கிற கம்பனிக்கு ஒரு சூத்திரம் உண்டு: முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், அதற்குப் பிறகு இரண்டு மாதம். உனக்குப் போட்டால் பதினாறரை மாதம், 1,485,000. ஆனால் அது தொழில் ஆணையாளர் நாயகத்திடம் போகிற ஆட்குறைப்பு விஷயத்துக்கு. உன்னை ஒழுக்கக் குற்றம் என்று நிறுத்துகிறார்கள். நியாய சபை அந்தச் சூத்திரத்துக்குக் கட்டுப்படாது, "நீதியும் நியாயமும்" என்று படுகிறதைத் தரும். உன்னோடு வேறு ஆட்களையும் நிறுத்தினார்களா என்று மட்டும் விசாரித்துப் பார். அப்படியென்றால் கதை வேறு, முதலில் திணைக்களத்துக்குத்தான் போகவேண்டும்.

நட்டஈட்டுக்கு நியாய சபைகள் பார்க்கிறது, 1995இல் ஜயசூரிய எதிர் இலங்கை அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபன வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்ன வழியை: உண்மையில் என்ன நட்டம் வந்தது, அதை நீதான் காட்டவேண்டும், வேறு வேலையில் உழைத்ததைக் கழிக்கவேண்டும். மே மாதம் பேலியகொடையில் 75,000க்கு வேலை இருக்கிறது என்றாய். போனால், சும்மா இருந்த ஒன்றரை மாதத்துக்கு 135,000. பிறகு மாதம் 15,000 குறைவு, இரண்டு வருஷத்துக்கு 360,000. கூட்டினால் 495,000. ஏழு வருஷச் சேவைக்காகத் தலைவர் மேலே கொஞ்சம் வைக்கலாம். வென்றாலும் ஐந்துக்கும் எட்டு லட்சத்துக்கும் இடையில் என்று நான் நினைக்கிறேன். தவணைக்கு 7,500 என்று 20 தவணை போனால் அதில் ஒன்றரை லட்சம் சட்டத்தரணிக்கு.

நட்டஈடு குறையும் என்று அந்த வேலைக்குப் போகாமல் இருந்துவிடாதே. சில பேர் அப்படிச் செய்கிறார்கள். வேலை தேடாமல் இருந்தவனுக்குத் தலைவரும் இரங்கமாட்டார், வருஷக்கணக்கில் வாடகையும் காத்திருக்காது. மீளமர்த்தக் கேட்டு விண்ணப்பத்தில் எழுது, எழுதத்தான் வேண்டும். ஆனால் அதே முகாமையாளருக்குக் கீழே, அதே சாவியோடு திரும்பிப் போய் இருப்பாய் என்று நான் நம்பவில்லை. நியாய சபையும் அப்படியான இடத்தில் பெரும்பாலும் காசாகத்தான் தீர்க்கும்.

அப்படியென்றால் விடுவதா? இல்லை. பேசாமல் விட்டால் பணிக்கொடையிலும் கை வைப்பார்கள். மோசடி, கையாடல் என்று நிறுத்தினால் குறைவு வந்த அளவுக்குப் பணிக்கொடையைப் பிடிக்க அவர்களுக்கு இடம் இருக்கிறது. 315,000இல் 280,000 போனால் உனக்கு மிச்சம் 35,000. அதைவிட, அடுத்த இடத்தில் உன்னைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வார்கள்?

விண்ணப்பம் போடு. சேவை முடிந்த திகதியில் இருந்து ஆறு மாதம்தான் அவகாசம். மார்ச் 12 என்று எடுத்தால் செப்டெம்பர் 11க்குள். "மேலிடத்தில் பேசிப் பார்க்கிறோம், பொறு" என்று உள்ளே யாராவது சொன்னால் பொறுத்திராதே, ஆறு மாதம் ஓடிக்கொண்டே இருக்கும். போட்ட பிறகு அவர்கள் மறுமொழி போடுவார்கள், பிறகு சமரசம் பேசுகிறீர்களா என்று தலைவரே கேட்பார். கம்பனிக்கும் வழக்கு இழுபடுவதில் சுகம் இல்லை. தோற்று மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் தீர்ப்பில் சொன்ன காசைப் பிணையாகக் கட்டிவிட்டுத்தான் போகவேண்டும்.

அந்தச் சமரசத்தில் பணிக்கொடையைத் தனியாக எழுதிக்கொண்டு அதற்கு மேல் 4 லட்சம் வந்தால் எடு. சேவைச் சான்றிதழில் குற்றம் ஒன்றும் எழுதக்கூடாது என்றும் சேர்க்கச் சொல். 3 லட்சம் என்றால் யோசி, எனக்குப் போன் எடு. அதற்குக் கீழே என்றால் விசாரணைக்குப் போ. அப்பா 15 லட்சத்துக்குக் குறையக்கூடாது என்பார், காதில் விழுத்தாதே.

இன்னொன்று. கொழும்பில் விசாரணை சிங்களத்தில் நடக்கும். நீ நன்றாகச் சிங்களம் கதைப்பாய், ஆனால் கடையில் கதைக்கிற சிங்களம் வேறு, குறுக்கு விசாரணை வேறு. "அன்றைக்கு நீங்கள்தானே கதவைத் திறந்தீர்கள்" என்று மடக்கி மடக்கிக் கேட்கும்போது ஒரு சொல் பிசகினால் அதுவும் பதிவாகிவிடும். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் நாளே கேள். வெட்கப்படாதே.

சேமலாப நிதிக் கணக்கில் மார்ச் மாதக் காசு விழுந்ததா என்றும் பார்த்துவிடு. வருஷப்பிறப்புக்கு வரும்போது நியமனக் கடிதம், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, அந்தப் பதிவுத் தபால் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டுக்கொண்டு வா. பஸ்ஸில் மேலே வைக்காதே, மடியில் வை.

அம்மா