2025ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கை: பெயிண்ட் வேலையும் தண்ணீர்த் தொட்டி சுத்தமும்

மதிப்பிற்குரிய வீட்டு உரிமையாளர்களுக்கும், நமது அடுக்குமாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம். கோவையில் உள்ள நமது குடியிருப்பின் ஆண்டுப் பொதுக்குழு 2026 ஜனவரி 4, ஞாயிற்றுக்கிழமை கூடுவதை முன்னிட்டு இவ்வறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். லிஃப்ட், ஜெனரேட்டர் பராமரிப்பில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. ஆண்டு முழுவதும் செயற்குழுவின் நேரத்தைப் பிடித்துக்கொண்டது தெற்குச் சுவரின் ஈரம்தான். அடுத்து வரும் பெயிண்ட் வேலைக்கும் தொட்டி சுத்தத்துக்கும் தேதிகள் அமைந்ததற்கு அதுவே காரணம் என்பதால், அதை முதலில் விளக்கிவிடுகிறேன். பொதுக்குழுவில் வாக்கில்லை என்றாலும் வீட்டுக்குள் இருந்து ஒத்துழைக்கப் போகிறவர்கள் வாடகைதாரர்களே. ஆகவே இவ்வறிக்கையின் பிற்பகுதி அவர்களுக்கான அறிவிப்பாகவே எழுதப்பட்டுள்ளது.

மூன்றாம் மாடியின் தெற்குச் சுவரில், மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழே, பெயிண்ட் கொப்பளித்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மழைத் தண்ணீர் இறங்குகிறது என்றும், வெளிச்சுவருக்கு நல்ல பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடும் என்றும் பொதுவாகப் பேசப்பட்டது. ஆனால் வெயில் கொளுத்திய ஏப்ரல் மாதத்திலும் அந்த இடம் கைவைத்தால் சில்லென்றே இருந்தது. மழை ஈரமாக இருந்தால் கோடையில் காய்ந்திருக்க வேண்டும். எனவே தொட்டியைச் சோதிப்பதென்று செயற்குழு முடிவு செய்தது.

சோதனை எளிதானது. மே மாதத்தில் ஓர் இரவு 10 மணிக்கு மோட்டாரை நிறுத்தி, தொட்டியிலிருந்து இறங்கும் எல்லா வால்வுகளையும் அடைத்து, நல்ல தண்ணீர் அறை, உப்புத் தண்ணீர் அறை இரண்டின் உட்சுவரிலும் தண்ணீர் மட்டத்தில் கோடு போட்டு வைத்தோம். காலை 5 மணிக்குப் பார்த்தபோது நல்ல தண்ணீர் கோட்டிலேயே நின்றது. உப்புத் தண்ணீர் 2 செ.மீ. இறங்கியிருந்தது. அந்த அறையின் தரை 3 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் கொண்டது என்பதால், 2 செ.மீ. என்பது 150 லிட்டர். வால்வு சரியாக அடைக்காமல் தண்ணீர் வீடுகளுக்கு இறங்கியிருக்கலாம் என்ற ஐயத்தைப் போக்க, மறுநாள் இரவு வால்வுக்குக் கீழே குழாயின் யூனியனைக் கழற்றிவிட்டு அதே சோதனையைச் செய்தோம். குழாயிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை. மட்டம் மட்டும் முன்போலவே இறங்கியது. ஆக, கசிவு தொட்டியின் உடம்பிலேயே இருந்தது.

ஜூன் மாதம் தொட்டித் தண்ணீரை இறக்கிவிட்டுப் பார்த்தபோது, இரண்டு அங்குல வெளியேற்றுக் குழாய் காங்கிரீட் சுவரைத் துளைத்துச் செல்லும் இடத்தைச் சுற்றி மயிரிழை போன்ற இடைவெளி தென்பட்டது. போர் தண்ணீரின் உப்பு அங்கே பழுப்பு வளையமாகப் படிந்திருந்தது. குழாயைச் சுற்றிக் காடி வெட்டி, தூசியைத் தட்டி, சுருங்காத கிரவுட் வைத்து அடைத்து, உட்புறம் முழுவதும் நீர்க்காப்புப் பூச்சு இரண்டு கைகள், ஒன்று மேலும் கீழுமாகவும் மற்றொன்று குறுக்காகவும், பூசப்பட்டன. பூச்சு காய்ந்தபின் தொட்டியை நிரப்பி மீண்டும் இரவுச் சோதனை செய்ததில் கோடு அசையவில்லை.

கசிவு நின்றதும் பெயிண்ட் அடித்திருக்கலாமே என்று சில உரிமையாளர்கள் கேட்டார்கள். மேஸ்திரி சொன்ன பதில் இதுதான்: “ஏனுங்க, செவுத்துக்குள்ள இருக்கற ஈரம் காயாம அடிச்சா, அடுத்த வருசம் இதே எடத்துல தோல் உரியுமுங்க.” அவர் சுவரில் ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பிரித்துக் காட்டினார். தாளின் உட்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து டிசம்பரில் ஒட்டிய தாள்தான் உலர்ந்து வந்தது. அதன்பிறகே, தட்டினால் உள்ளே காலியாகச் சத்தம் கேட்ட பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதுப்பூச்சு பூசி, டிசம்பர் 29 அன்று அந்த வேலையை முடித்தோம். புதிய சிமெண்ட் பூச்சின் காரம் அடங்கக் குறைந்தது 28 நாள் விடுவது வழக்கம். அதற்கு மேலும் அவகாசம் கிடைக்கட்டும் என்றுதான் தெற்குப் பக்கம் பெயிண்ட் வரிசையில் கடைசியாக வைக்கப்பட்டிருக்கிறது.

இனி தேதிகள். பொங்கல் முடிந்து ஜனவரி 19, திங்கட்கிழமை மொட்டைமாடியிலும் மேற்குப் பக்கத்திலும் வேலை தொடங்கும். குடியரசு நாள் விடுமுறை நீங்கலாக 29ஆம் தேதி வரை நடக்கும். பிப்ரவரி 1 அன்று தைப்பூசம். பெயிண்டர்களில் பாதிப்பேர் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் என்பதால் ஜனவரி 30 முதல் பிப்ரவரி 3 வரை வேலை இருக்காது. அவர்களை நிற்கச் சொல்வதில் பயனும் இல்லை, நியாயமும் இல்லை. வடக்குப் பக்கம் பிப்ரவரி 4 முதல் 10 வரை, கிழக்குப் பக்கம் 11 முதல் 17 வரை, தெற்குப் பக்கம் 18 முதல் 23 வரை. ஞாயிறுகளில் வேலை இல்லை. இடையில் மழை வந்தால் சுவர் உலரும்வரை தள்ளிப்போகும். மாற்றுத் தேதியை முந்தைய மாலையே லிஃப்ட் அருகில் ஒட்டுவோம். மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள் உள்ள வீடுகளை நினைத்து, எல்லாவற்றையும் பிப்ரவரிக்குள் முடிக்கத் திட்டமிட்டுள்ளோம்.

ஒவ்வொரு பக்கத்திலும் முதல் இரண்டு நாள் சுரண்டுதலும் பிரஷர் மோட்டாரில் கழுவுதலும் நடக்கும். ஜன்னல்களுக்கு அதிக வேலை வைப்பது இந்த இரண்டு நாள்தான். தாழ்ப்பாள் சரியாக விழாத ஜன்னல்களின் வழியே கறுப்புத் தண்ணீர் உள்ளே வரும். அத்தகைய ஜன்னல் இருந்தால் முன்கூட்டியே காவலாளியிடம் சொல்லுங்கள், வெளியிலிருந்து பிளாஸ்டிக் விரிப்புக் கட்டித் தருவார்கள். பிறகு விரிசலுக்குப் பட்டி, ஒரு கை பிரைமர், இரண்டு கை பெயிண்ட். நேரடி வெயில் அடிக்கும் சுவரில் பெயிண்ட் சீக்கிரம் காய்ந்து, ஒரு பட்டையும் அடுத்த பட்டையும் சேரும் இடத்தில் கோடு விழும். அதனால் மேற்குச் சுவரில் காலையிலும் கிழக்குச் சுவரில் மதியத்துக்கு மேலும் அடிப்பார்கள். அந்தந்தப் பக்கத்து வீட்டார் அந்த வேளையில் ஜன்னலையும் பால்கனிக் கதவையும் சாத்தி வைத்தால் போதும். நாள் முழுவதும் அடைந்து கிடக்க வேண்டியதில்லை.

உங்கள் பக்கத்து வேலை தொடங்கும் முந்தைய நாள் மாலைக்குள் பால்கனித் துணிக்கொடி, பூந்தொட்டி, பழைய சாமான் ஆகியவற்றை உள்ளே எடுத்துவிட வேண்டுகிறேன். தொங்குசாரத்தின் கயிறு மொட்டைமாடியிலிருந்து பால்கனி ஓரமாக இறங்கும். அதைக் குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கயிற்றில் ஓர் ஆள் உயிர் இருக்கிறது. ஏசியின் வெளி யூனிட்டைச் சுற்றி அடிக்கும்போது அதை அணைத்து வைக்க வேண்டும். பால்கனிக் கிரில்லின் உட்புறம் அடிக்க மட்டும் பெயிண்டர் வீட்டுக்குள் வருவார். வீட்டுக்கு ஒருமுறை, ஏறக்குறைய ஒரு மணி நேரம். முந்தைய நாளே நேரம் கேட்டுக்கொண்டு, செயற்குழு உறுப்பினர் ஒருவரும் உடன் வருவார். பகலில் எல்லோரும் வேலைக்குப் போகும் வீடுகள் மாலை 5 மணிக்கு மேலோ சனிக்கிழமையோ கேட்டுப் பெறலாம். சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போகும் ஏற்பாட்டை நாங்கள் ஏற்பதில்லை. காரையும் வண்டியையும் சுவரிலிருந்து விலக்கி நடுவில் நிறுத்துங்கள். சிதறும் துளி எமல்ஷன் காய்வதற்குள் ஈரத்துணியில் போகும், காய்ந்தபின் கார் பெயிண்டையும் சேர்த்துத்தான் எடுக்கும்.

இந்தச் செலவு முழுவதும் உரிமையாளர்களின் வைப்பு நிதியிலிருந்து செய்யப்படுகிறது. வாடகைதாரர் எவரிடமும் இதற்காகத் தனித்தொகை கேட்கப்படமாட்டாது. யாராவது கேட்டால் என்னிடம் தெரிவியுங்கள்.

பெயிண்ட் வேலையின் தூசி தொட்டி மூடி இடுக்கில் இறங்காமல் இருக்காது. அதனால்தான் தொட்டி சுத்தம் எல்லாவற்றுக்கும் கடைசியில். உப்புத் தண்ணீர்த் தொட்டி பிப்ரவரி 25, புதன்கிழமையும், நல்ல தண்ணீர்த் தொட்டி பிப்ரவரி 27, வெள்ளிக்கிழமையும் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை தண்ணீரை இறக்கிச் சுத்தம் செய்யப்படும். இரண்டையும் ஒரே நாளில் தொடுவதில்லை என்பதால் ஏதாவது ஒரு குழாயில் தண்ணீர் இருக்கும். முந்தைய மாலை மோட்டாரை நிறுத்திவிடுவோம். தொட்டியில் உள்ளதை எல்லோரும் பயன்படுத்தித் தீர்த்தால் சாக்கடைக்குப் போவது குறையும். 26ஆம் தேதி இரவே குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்குப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடிவண்டலை எடுத்து, சுவரை நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி வெளியேற்றிய பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசலால் சுவரையும் தரையையும் நனைத்து அரை மணி நேரம் விட்டு மீண்டும் கழுவுவார்கள். கரைசலில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும். 25 சதவீதக் குளோரின் உள்ள பவுடரானால் 20 லிட்டர் வாளிக்கு 16 கிராம் போதும். கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போடுவதால் நாற்றம்தான் மிஞ்சும். அதேபோல் பிரித்து நாளான மூட்டையில் வீரியம் இருக்காது என்பதால் புதிதாக வாங்கச் சொல்லியிருக்கிறோம். உப்புப் பொருக்கைக் கரைக்க ஆசிட் ஊற்றுகிறோம் என்று விலைப்புள்ளி தந்த ஒருவரை நிராகரித்தோம். ஆசிட் காங்கிரீட்டை அரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய தொட்டிக்குள் அது ஆளைக் கொல்லும். கீழ்த்தொட்டியில் இறங்குவதற்கு முன் மூடியை நெடுநேரம் திறந்து வைத்து, காற்றூதி ஓடவிட்டு, மேலே ஒருவர் கயிற்றோடு நிற்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுள்ளது.

அந்த இரு நாள்களும் கீசரை அணைத்து, வாஷிங் மெஷின், ஆர்.ஓ. கருவி இவற்றுக்குப் போகும் வால்வை அடைத்து வையுங்கள். தண்ணீர் திரும்ப வந்ததும் முதலில் சமையலறைக் குழாயைத் திறந்து கலங்கல் தெளியும்வரை விட்டு, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிக்கொள்ளலாம். அதன்பின் கருவிகளின் வால்வைத் திறந்தால் உதிர்ந்த பொருக்கு ஃபில்டரை அடைக்காது. வெள்ளிக்கிழமை மாலை தரைத்தளத்திலும் மூன்றாம் மாடியிலும் தலா ஒரு வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்துக் குளோரின் சோதனை செய்வோம். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருந்தால், நல்ல தண்ணீரைக் குடிக்கப் பயன்படுத்தலாம் என்று லிஃப்ட் அருகில் எழுதி ஒட்டப்படும். அதுவரை பிடித்து வைத்த தண்ணீரையே குடியுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்