சராசரி பொய் என்று பயிற்சியாளர் சொல்லவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாட்ஸ்வொர்த்தில் நடந்த இளையோர் கிரிக்கெட் கூட்டத்தைப் பற்றிச் சென்ற இதழில் செய்தி போட்டிருந்தீர்கள். "சராசரி பொய்" என்பது தலைப்பு. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். உள்ளே, "சராசரியும் இடைநிலையும் சமமாக இருப்பவரே நிலையான ஆட்டக்காரர் என்றார் பயிற்சியாளர்" என்று ஒரு வரி இருக்கிறது. முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவன் நான். அவர் அப்படிச் சொல்லவே இல்லை.

இறங்கிய புதிதில்தான் மட்டையாளர் அதிகம் அவுட் ஆகிறார் என்று அவர் தொடங்கினார். அதனால் யாருடைய கணக்கைப் பார்த்தாலும் சின்ன ஸ்கோர்கள் நிறையவும் பெரிய ஸ்கோர்கள் கொஞ்சமும்தான் இருக்கும். அந்தக் கொஞ்சம் சராசரியை மேலே இழுத்துவிடும், வரிசையின் நடுவில் நிற்கும் இடைநிலை அசையாது. எந்த ரன்னில் நின்றாலும் அவுட் ஆகும் வாய்ப்பு ஒரே அளவுதான் என்று வைத்துக்கொண்டால்கூட, சராசரி 40 உள்ளவருக்கு இடைநிலை சுமார் 28தான் வரும். இடைநிலை தாழ்ந்திருப்பது ஒரு குறையே அல்ல என்று பெற்றோர்களுக்குச் சொல்லத்தான் அவர் இதை விளக்கினார். உங்கள் செய்தியைப் படித்த ஒரு தாய், மகனுடைய இடைநிலை குறைவாக இருக்கிறதே என்று என்னிடம் வந்து கண்கலங்கினார்.

பலகையில் அவர் எழுதியதை என் நோட்டிலிருந்து அப்படியே தருகிறேன். இரண்டு பையன்கள், ஆளுக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒன்றிலும் நாட் அவுட் இல்லை. சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் முதல் பையனுக்கு 0, 1, 3, 5, 8, 12, 19, 80, 142. மொத்தம் 270, சராசரி 30. இரண்டாமவனுக்கு 14, 19, 22, 24, 27, 28, 31, 33, 36. மொத்தம் 234, சராசரி 26. சராசரியைப் பார்த்தால் முதல்வன்தான் அணிக்குப் போவான். நடுவில் நிற்கும் ஐந்தாவது எண்ணை, அதாவது இடைநிலையைப் பாருங்கள், முதல்வனுக்கு 8, இரண்டாமவனுக்கு 27. நாளை காலை இறங்கினால் எவ்வளவு எடுப்பான் என்று கேட்பவருக்கு அதுதான் பதில்.

பிறகு மேலே இரண்டையும் கீழே இரண்டையும் அழித்துவிட்டு நடு ஐந்தை மட்டும் வைத்தார். இரண்டாமவன் 22க்கும் 31க்கும் இடையே நிற்கிறான், பரவல் 9. முதல்வன் 3க்கும் 19க்கும் இடையே, பரவல் 16. பரவல் குறைவு என்பதாலேயே யாரையும் புகழ்ந்துவிடாதீர்கள் என்றும் உடனே எச்சரித்தார். எப்போதும் இரண்டிலிருந்து ஐந்துக்குள் அவுட் ஆகிறவனுக்குப் பரவல் 3தான், அவனும் "நிலையானவன்"தான். ஆகவே இடைநிலையையும் பரவலையும் சேர்த்தே பார்க்கவேண்டும். ஒன்பது இன்னிங்ஸ் போதாது, இன்னும் இரண்டு ஆட்டத்தில் இந்த எண்களே மாறிவிடலாம் என்றும் சொன்னார். தனியாக நின்று ஆட்டத்தை வென்று தரும் அந்த 142ஐ யாரும் தள்ளிவிடக் கூடாது என்றும் சொன்னார். இவ்வளவில் ஒன்றுகூட உங்கள் செய்தியில் இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். 1974இல் நாங்கள் பாய் விரித்த பிட்சில் ஆடினோம். நமக்கென்று விட்ட மைதானம் அப்படித்தான் இருந்தது. நான் தொடக்க ஆட்டக்காரன், சராசரி 22. எட்டாவதாக இறங்கும் ஒருவர் 12 இன்னிங்ஸில் 96 ரன் எடுத்திருந்தார், ஒருமுறைகூட 20ஐத் தொடவில்லை. ஆனால் எட்டு முறை நாட் அவுட். ரன்னை அவுட் ஆன தடவைகளால்தானே வகுக்கிறார்கள், 96ஐ 4ஆல் வகுத்து 24 என்றார்கள். மட்டையாளர் வரிசையில் இருந்த ஒரே இடத்தை அவருக்குக் கொடுத்தார்கள். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, கணக்கு விதி அது. பிராட்மனின் 99.94கூட 6996 ரன்னை, 80 இன்னிங்ஸில் அவர் அவுட் ஆன 70ஆல் வகுத்து வந்ததுதான். ஆனால் என் ஸ்கோர்களை வரிசையாகப் பார்க்க அன்று ஒருவரும் இல்லை. ஐம்பது வருஷம் கழித்து ஒருவர் மேடையேறி அதைப் பார்க்கச் சொல்கிறார், அதையும் நம் பத்திரிகை தலைகீழாகப் போடுகிறது.

பள்ளி ஆட்டங்களுக்கு இடம் கூட்டுங்கள் என்று முன்பு மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றும் வெளியாகவில்லை, பதிலும் இல்லை. தமிழில் படிக்க இங்கே நமக்கு எத்தனை பத்திரிகை இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

நான் கேட்பது இரண்டுதான். அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அட்டவணையில் பையன்களின் சராசரிக்குப் பக்கத்தில் அவர்களுடைய ஸ்கோர்களையும் அச்சிடுங்கள், நாட் அவுட்டுக்கு ஒரு நட்சத்திரக் குறியோடு. இடைநிலையை நாங்களே எண்ணிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்