ஏழாவது பை

அன்புள்ள நண்பா,

ஏழு மாதமாகக் கடிதம் போடாததற்கு என்ன காரணம் சொன்னாலும் நீ நம்பப்போவதில்லை, அதனால் சொல்லவில்லை. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நெட்டையன் ஒரு முறை வந்துபோனான், இன்னும் அதே சிரிப்பு. தங்கச்சியிடமும் பிள்ளைகளிடமும் விசாரித்ததாகச் சொல். இனி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு நாளாக எனக்குத் தூக்கம் சரியாக இல்லை, அதற்குக் காரணம் நீதான்.

விடுதி மொட்டை மாடியில் ஒரு கணக்குக் கேட்டாயே, நினைவிருக்கிறதா? பத்துப் பை நாணயங்கள். ஒன்பது பையில் நல்ல நாணயம், ஒவ்வொன்றும் 10 கிராம். ஒரே ஒரு பையில் முழுக்கக் கள்ள நாணயம், ஒவ்வொன்றும் 9 கிராம். கிராமை எண்ணாகக் காட்டும் தராசு இருக்கிறது, ஆனால் ஒரே ஒரு முறைதான் நிறுக்கலாம். கள்ளப் பை எது? நான் பைகளைப் பாதி பாதியாகப் பிரித்து, நான்கு முறைக்குக் குறைந்து முடியாது என்று சாதித்தேன். நீ விடையைச் சொல்லாமல் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினாய். அதற்குப் பிறகும் சொல்லவில்லை. இத்தனை வருடம் ஒரு மனிதன் எப்படி அழுத்தமாக இருக்க முடியும்?

போன வாரம் என் மகள் அதே கணக்கோடு வந்து நின்றாள். விடையும் அவளிடமே இருந்தது. முதல் பையிலிருந்து 1, இரண்டாவதிலிருந்து 2, மூன்றாவதிலிருந்து 3 என்று பத்தாவது பையிலிருந்து 10 வரை எடுத்து, மொத்தம் 55 நாணயங்களையும் ஒன்றாகத் தராசில் போடு என்றாள். எல்லாம் நல்லதாக இருந்தால் 550 கிராம் வரவேண்டும். எத்தனை கிராம் குறைகிறதோ அதுதான் கள்ளப் பையின் எண். 546 வந்தால் நான்காவது பை. அவ்வளவுதான்.

கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை. நான் அன்று எங்கே தவறினேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. தராசிடம் நான் ‘இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு விடை மட்டுமே வரக்கூடிய கேள்வியைக் கேட்டால் பத்துப் பைக்கு நான்கு முறை கேட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் எண் காட்டும் தராசுக்குப் பத்து விதமாகவும் பதில் சொல்லத் தெரியும். ஒவ்வொரு பைக்கும் வேறு வேறு எண்ணிக்கை எடுத்தால், அந்த எண்ணிக்கையே பையின் பெயர் ஆகிவிடுகிறது. எது குறைந்தாலும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டே குறையும். இரண்டு தட்டுத் தராசாக இருந்தால் இது நடக்காது. இடது தாழும், வலது தாழும் அல்லது சமமாக நிற்கும் என்று மூன்றே பதில்கள் என்பதால், ஒரே நிறுவையில் மூன்று பைக்கு மேல் பிரித்தறிய முடியாது.

இதோடு நின்றிருந்தால் நான் இந்தக் கடிதத்தை ஒரு பக்கத்தில் முடித்திருப்பேன். செய்து பார்த்துவிடலாம் என்று மகளிடம் சொன்னேன். இரும்பு வாஷர்கள் கிடைத்தன. நல்லதை ஒன்று எடுத்துச் சமையலறைத் தராசில் வைத்தோம், 10 என்று காட்டியது. பார்வைக்கு அதேபோல் இருக்கும், சற்றே மெல்லிய இன்னொரு வகை 9 என்று காட்டியது. பத்துத் துணிப் பைகள், ஒவ்வொன்றிலும் பத்து வாஷர். மெல்லியதை எந்தப் பையில் போட்டாள் என்று எனக்குத் தெரியாது. நான் 1, 2, 3 என்று எண்ணி எண்ணி 55 வாஷரையும் கிண்ணத்தில் குவித்தேன். தராசு 542 என்றது. எட்டு குறைகிறது. “எட்டாவது பை” என்று உரக்கச் சொன்னேன்.

அவள் தலையை ஆட்டினாள். ஏழாவது பை.

மறுபடி எண்ணினேன். சரியாகத்தான் எடுத்திருந்தேன். மறுபடி நிறுத்தேன். அதே 542. நண்பா, விடை முற்றிலும் தவறாக வந்திருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. பக்கத்துப் பையைக் காட்டியதுதான் உறுத்தியது. எங்கோ ஒரு கிராம் ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்து, காலையில் ஒன்பது நல்ல பைகளின் 90 வாஷரையும் சேர்த்து நிறுத்தேன். 900 வரவேண்டிய இடத்தில் 898. அதாவது ஒரு வாஷர் 10 கிராம் இல்லை, ஏறக்குறைய 9.98 கிராம். ஒன்றைத் தனியாக வைத்தால் முழு கிராம் மட்டும் காட்டும் தராசு அதை 10 என்றே சொல்லும், பொய் சொன்னதாகவும் ஆகாது. ஆனால் 55 வாஷரில் அந்த 0.02 கிராம் 1.1 கிராமாகத் திரண்டுவிடுகிறது. நான் 550-இலிருந்து கழித்திருக்கக்கூடாது, 55 × 9.98 = 548.9-இலிருந்து கழித்திருக்கவேண்டும். 548.9 − 542 = 6.9. ஏழாவது பை!

இதில் இன்னும் பயமுறுத்துவது ஒன்று இருக்கிறது. பத்தில் ஒரு கிராம் காட்டும் நல்ல தராசாக இருந்திருந்தால் 541.9 என்று காட்டியிருக்கும். குறைவு 8.1. அதைப் பார்க்கும் எவரும் எட்டாவது பை என்றே சத்தியம் செய்வார்கள். குறைவு முழு எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் விடை சரி என்று நினைக்கிறோம், அது எந்த உத்தரவாதமும் தருவதில்லை. ஒரு கிராம் வித்தியாசத்தில் அரை கிராம் தடுமாறினாலே பக்கத்துப் பைக்குத் தாவிவிடுவோம். அந்த அரை கிராமை 55-ஆல் வகுத்துப் பார். தராசின் மேல் ஒரு குறையும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு நல்ல நாணயத்தின் எடையை 9 மில்லிகிராம் பிசகுக்குள் நாம் முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டும். கணக்கில் ‘நல்ல நாணயம் 10 கிராம்’ என்று ஒரு வரியில் போகிறதே, அந்த வரிதான் முழுப் பாரத்தையும் சுமக்கிறது. அன்று மொட்டை மாடியில் நீயும் அதை ஒரு வரியில்தான் சொன்னாய்.

கள்ள நாணயம் எவ்வளவு குறைவு என்பதும் தெரிந்திருக்கவேண்டும். அது தெரியாமல் மொத்தத்தில் 6 கிராம் குறைந்தால், ஆறாவது பையில் நாணயத்துக்கு 1 கிராம் குறைவா, மூன்றாவதில் 2 கிராமா, இரண்டாவதில் 3 கிராமா என்று சொல்ல வழியில்லை. அப்போது இன்னொரு நிறுவை வேண்டும். ஒவ்வொரு பையிலிருந்தும் ஒன்றே ஒன்று எடுத்துப் பத்தையும் நிறுத்தால், ஒரு கள்ள நாணயத்தின் குறைவு மட்டும் தனியே வந்துவிடும். முதல் குறைவை இதனால் வகுத்தால் பையின் எண்.

இதற்குள் மகள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். “கள்ளப் பை ஒன்றுக்கு மேல் இருந்தால்?” என்றாள். 1 முதல் 10 வரை எடுக்கும் முறை அங்கே கைவிட்டுவிடுகிறது. 7 குறைந்தால் ஏழாவது பை மட்டுமா, 1-உம் 6-உம் சேர்ந்தா, 2-உம் 5-உமா, 3-உம் 4-உமா, 1, 2, 4 மூன்றும் சேர்ந்தா என்று ஐந்து வழி இருக்கிறது. எந்தக் கூட்டத்தைச் சேர்த்தாலும் வேறு எந்தக் கூட்டத்தின் தொகையும் வரக்கூடாது. 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போனால் அது நடக்கும். நான்கு பையில் 13 குறைந்தால் 8 + 4 + 1 தவிர வேறு வழியே இல்லை. முதல், மூன்றாம், நான்காம் பைகள் கள்ளம்.

ஆனால் பத்துப் பைக்கு இப்படிப் போனால் கடைசிப் பையிலிருந்து 512, மொத்தம் 1023 நாணயம். பத்துக் கிலோவுக்கு மேல்! இப்போது பழைய கணக்கைப் போட்டுப் பார். அரை கிராமை 1023-ஆல் வகுத்தால், நல்ல நாணயத்தின் எடை அரை மில்லிகிராம் பிசகுக்குள் தெரிந்திருக்கவேண்டும். காகிதத்தில் அழகாக நிற்கும் வழி என் சமையலறைத் தராசில் நிற்காது.

நான்கு பைதான், ஆனால் ஒவ்வொன்றிலும் 7 நாணயமே இருக்கிறது என்று வைத்துக்கொள். 8 எடுக்க முடியாது. நேற்று இரவு அவளும் நானும் இதற்கு உட்கார்ந்தோம். பதினொன்றரை மணிக்கு அவள்தான் கண்டுபிடித்தாள்: 3, 5, 6, 7. எந்த இரண்டையோ மூன்றையோ கூட்டிப் பார், ஒரு தொகையும் திரும்ப வராது. நான் நம்பாமல் எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன். 3, 5, 6, 7, 8, 9 என்று தொடங்கி 16 வரை வரிசையாக வந்து, பிறகு 18, கடைசியில் 21. அந்தத் தாளை எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் இதற்கும் ஒரு விலை இருக்கிறது. மிகப் பெரிய எண் 8-இலிருந்து 7 ஆகக் குறைந்தாலும், மொத்தம் 15-இலிருந்து 21 ஆக ஏறிவிட்டது. பையில் மிச்சம் பிடித்ததைத் தராசில் செலவழிக்கிறோம்.

பைகள் கூடக்கூட, அந்த மிகப் பெரிய எண்ணை எவ்வளவு தூரம் குறைக்கலாம் என்பது இன்றும் முடியாத கேள்வி. ஹங்கேரியக் கணித மேதை பால் ஏர்டெஷ் இதற்கு 500 டாலர் பரிசு அறிவித்திருந்தார். நீ ஒரு பைசா பந்தயம் கூடக் கட்டாமல் எங்களைத் தூங்கவிடாமல் செய்த கணக்கின் வால் அங்கே போய் நிற்கிறது.

மகள் இப்போது ஐந்து பைகளைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், ஒவ்வொன்றிலும் 13 வாஷர். எத்தனை பை கள்ளம் என்று எனக்கும் சொல்லவில்லை. ஐந்துக்கான எண்களை நீதான் அனுப்பவேண்டும் என்பது அவள் கட்டளை. 16 என்று எழுதி அனுப்பாதே, பையில் அவ்வளவு இல்லை. எங்களுக்குக் கிடைத்த விடையில் மொத்தம் 51 வருகிறது. அதற்கு மேல் சொல்லமாட்டேன். நீ எனக்குச் சொன்னாயா?

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்